அரைத் தட்டுக்கு இடம்

மெனு கார்டு அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் புள்ளிகளையும் தாங்களே வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தக்காளி சூப் என்று அடித்ததும், விலை வருகிற இடம் வரைக்கும் புள்ளிப் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு அகலம். விலைகள் ஒன்றின் கீழ் ஒன்று நிற்காமல், குடித்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்கள் போல முன்னும் பின்னும் தள்ளாடும். "புள்ளியையும் நீங்களே வச்சுட்டா நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் துடைத்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் வாய்க்குப் பயந்தே சிலர் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

என் கடை பெரிய கடை ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் யாராவது வந்தால் அவர். முன்பு அந்த இரண்டாவது நாற்காலி என் வீட்டுக்காரருடையது. அவர் காகிதம் வெட்டுவார், பில் போடுவார், வாடிக்கையாளரிடம் நான் சண்டைக்குப் போனால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் திட்டினால் திட்டினதுதான், சமாதானத்துக்கு ஆள் கிடையாது.

தெருக்கோடி ஓட்டலின் விலைப்பட்டியல் எனக்கு எக்செல் ஃபைலாக வந்தபோது, பரவாயில்லை, படித்த கை என்று நினைத்தேன். புள்ளி இல்லை, வண்ணம் இல்லை, வரிசை சுத்தமாக இருந்தது. முதல் கட்டத்தில் பிரிவு, அடுத்ததில் பெயர், அதற்கடுத்து விலை. அனுப்பியது ஓட்டல் முதலாளியின் மருமகள். வங்கி வேலையை விட்டுவிட்டு மாமனாரின் ஓட்டலைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை. அவள் பகலில் இருப்பாள், சாயங்காலம் மாமனார் கல்லாவில் உட்காருவார். நான் போவது சாயங்காலம்தான்.

ஆமாம், அந்த ஓட்டலில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு நேராக அங்கே போவேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஃபேனுக்குக் கீழே ஒரு மேஜை. காய்கறி சாதம் அரைத் தட்டு, அல்லது முட்டை நூடுல்ஸ் அரைத் தட்டு. அங்கே யாரும் என்னோடு பேசமாட்டார்கள், நானும் யாரோடும் பேசமாட்டேன். ஆனால் பக்கத்து மேஜையில் குழந்தை தண்ணீரைக் கொட்டும், அப்பா திட்டுவார், எதிர் மேஜையில் யாரோ எதற்கோ சிரிப்பார்கள். ஒரு நாளில் மனிதச் சத்தத்துக்கு நடுவில் நான் உட்காருவது அந்த நேரம் மட்டும்தான். வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைத்து, ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி "சாப்டியாம்மா?" என்பதுதான். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லாமல் சொல்ல முடிவது அந்த அரைத் தட்டால்.

அவர் இருந்தபோது அரைத் தட்டு எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. "முழுசு ஒண்ணு, காலித் தட்டு ரெண்டு" என்று சர்வரிடம் அவர்தான் சொல்வார். பிரித்துப் போடுவதும் அவர்தான். என் தட்டில் கொஞ்சம் கூடவே விழும்.

ஃபைலை டெக்ஸ்டாக மாற்றி என் பக்கத்துக்குள் இழுத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு டேப் வந்து விழுந்தது, அடுத்து வருவதை அதன் நிறுத்தத்துக்குத் தள்ளிவிடுகிற இடைவெளி. எக்செல்லில் பார்த்தபோது ஒரு விலைதான் இருந்தது, இங்கே பெயருக்குப் பிறகு இரண்டு எண் இருந்தன. முதலில் அரை, பிறகு முழு. எக்செல்லை நான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் வாங்குகிற விலை எனக்குத் தெரியாதா? அரைக்குப் போட்டிருந்த எண் சரியாகவே இருந்தது.

பிறகு வழக்கமான வேலை. சூப், சூப், சூப் என்று ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப இருந்த பிரிவுப் பெயரை எடுத்துவிட்டு, மேலே ஒரே ஒரு தலைப்பாகப் போட்டேன். சூப், முட்டை, சாதம், நூடுல்ஸ், வறுவல், பழச்சாறு. அகர வரிசைப்படி அடுக்கக் கூடாது, அடுக்கினால் சாதம் சூப்பைத் தாண்டிக்கொண்டு முதலில் வந்துவிடும், பழச்சாறு முட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். சாப்பிடுகிற வரிசைதான் கார்டின் வரிசை. தலைப்பு மட்டும் பக்கத்தின் அடியில் தனியாக மாட்டிக்கொள்ளாமல், கீழே வருகிற வரியோடு சேர்ந்தே நகரும்படி கட்டினேன். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு டேப் நிறுத்தம். அரைக்கு ஒன்று, அதுவரை புள்ளிக் கோடு ஓடும். முழுவுக்குப் பத்தியின் வலது ஓரத்தில் இன்னொன்று, அங்கே புள்ளி வேண்டாம். இரண்டுமே வலது பக்கம் ஒட்டியவை, அதனால் இரண்டு இலக்கமோ மூன்று இலக்கமோ கடைசி எண் ஒரே கோட்டில் நிற்கும். இதைச் செய்துவிட்டால் ஒரு புள்ளிகூடக் கையால் வைக்க வேண்டாம்.

காளான் குடைமிளகாய் நூடுல்ஸ் மட்டும் வம்பு பண்ணியது. பெயர் நீளமாகி அரையின் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. தாண்டினால் டேப் அடுத்த நிறுத்தத்துக்குக் குதித்துவிடும். அரையின் விலை போய் முழுவின் இடத்தில் உட்கார்ந்திருந்தது, முழுவின் விலை அடுத்த வரிக்கு உருண்டிருந்தது. பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. பெயரை இரண்டு வரியாக உடைத்துப் போட்டேன். அரை உள்ள ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் அரை, முழு என்று ஒரு சின்ன வரி வைத்தேன். இரண்டு பத்தியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முடிந்தன.

மறுநாள் காலையில் புரூஃப் பார்க்க மருமகள் வந்தாள். இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பதவிசான பெண்தான், அக்கா என்றுதான் கூப்பிட்டாள். காகிதத்தைக் கையில் வாங்கினவள் முகம் மாறியது. இந்த அரை எப்படி வந்தது, அந்தக் கட்டத்தை நான் மறைத்துவிட்டுத்தானே அனுப்பினேன் என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறைப்பது வேறு, அழிப்பது வேறு. எக்செல்லில் ஒரு கட்டத்தை மறைத்தால் அது கண்ணுக்குத் தெரியாதே தவிர ஃபைலை விட்டு எங்கும் போகாது. டெக்ஸ்டாக மாற்றியதும் ஒளிந்திருந்ததெல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டது. இதை அவளுக்கு விளக்கினேன். வங்கியில் இருந்தவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள், தன் தப்புதான் என்று ஒத்துக்கொள்ளவும் செய்தாள்.

பிறகு அரையை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கொடுத்ததை அடிப்பதுதான் என் தொழில், ஏன் எதற்கு என்பது ஓட்டல்காரர்கள் பாடு. வாய் சும்மா இருந்தால்தானே.

"தனியா வர்றவங்கதாங்க்கா அரை கேக்கறாங்க," என்றாள். "நாலு பேர் உக்கார்ற டேபிள்ல ஒரே ஒரு ஆள். சாப்பிட்டு முடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாங்க, சும்மா பராக்கு பார்த்துட்டு இருப்பாங்க. வாசல்ல குடும்பத்தோட நிக்கிறவங்க பார்த்துட்டுப் போயிடறாங்க. மாமாவால யார்கிட்டயும் இதெல்லாம் சொல்ல முடியாது. கார்டுலயே இல்லைன்னா கேக்க மாட்டாங்க இல்ல?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்க மாட்டேன். பராக்குத்தான் பார்ப்பேன். வாசலில் ஆட்கள் நிற்பதையும் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் கணக்கில் நான் ஒரு அடைபட்ட மேஜை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், நான்தான் அது என்று அவளுக்குத் தெரியாது. காதெல்லாம் சூடாகிவிட்டது. நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் போன பிறகு வேலையில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்து வேறு யாரும் வரவில்லை. டேப், எண், டேப் என்று இருக்கிற இடத்திலெல்லாம் நடுவில் இருக்கிற எண்ணைத் தூக்கிவிட்டு ஒரே டேப் வை என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். ஒரு பொத்தானைத் தட்டினேன், அரையெல்லாம் போய்விட்டது. அரைக்கு வைத்த நிறுத்தத்தையும் எடுத்துவிட்டு, புள்ளிக் கோட்டை ஓர நிறுத்தத்துக்கு மாற்றினேன். சூப்பிலும் பழச்சாற்றிலும் மட்டும் விலை அடுத்த வரிக்கு விழுந்துகிடந்தது. அவற்றுக்கு அரையே கிடையாது, அந்தக் கட்டம் காலி, அதனால் நடுவில் எண் இல்லாமல் இரண்டு டேப் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இருக்கிற நிறுத்தமோ இப்போது ஒன்றுதான். இரட்டை டேப்பை ஒற்றையாக்கினேன், எல்லாம் மேலே ஏறிக்கொண்டது. புள்ளிக் கோடு இப்போது பெயரிலிருந்து ஓரம் வரைக்கும் தடையில்லாமல் ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் அரை, முழு என்று தலைப்புக்குக் கீழே வைத்திருந்த சின்ன வரிகள் போய்விட்டன. காளான் குடைமிளகாயும் ஒரே வரியில் அடங்கிவிட்டது. எல்லாம் மேலே ஏறியதில் வலது பத்தி சீக்கிரமே முடிந்து, பழச்சாற்றுக்குக் கீழே உள்ளங்கை உயரத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. போனில் மருமகளைக் கேட்டேன். ஒரு கரண்டி படமோ இலைப் படமோ போட்டுவிடச் சொன்னாள்.

என்னிடம் கரண்டிப் படம் நாற்பது விதம் இருக்கிறது. ஒன்றை எடுத்து வைத்தேன். அந்தக் கரண்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு கரண்டிக்குக் கிடைக்கிற இடம் எனக்குக் கிடையாதா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தலைப்பு வைத்தேன். ஒருவருக்கு. அதன் கீழ் ஐந்தே வரி. காய்கறி சாதம், முட்டை சாதம், முட்டை நூடுல்ஸ், கோழி நூடுல்ஸ், வறுத்த மீன். எதிரே அந்த ஒளிந்திருந்த கட்டத்திலிருந்த விலைகள். புள்ளிக் கோடு தானாகவே வந்து ஓடியது. வலது பத்தி இடது பத்திக்குச் சரியாக வந்து நின்றது.

அன்று சாயங்காலம் ஓட்டலுக்குப் போகக் கால் வரவில்லை. வீட்டுக்குப் போய் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றேன். மகள் போன் பண்ணினாள். சாப்பிட்டேன் என்றேன். அது பொய் இல்லை என்றாலும் பொய் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் மருமகள் வந்து புரூஃபை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனாள். தலையாட்டிக்கொண்டே வந்தவள் கடைசித் தலைப்பில் நின்றுவிட்டாள். நான் இதைக் கேட்கவில்லையே என்றாள். இடம் இருந்தது என்றேன். இடம் இருந்தால் கரண்டி போடத்தானே சொன்னேன் என்றாள். அவள் குரலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

சமாதானம் பேச ஆள் இல்லை. நானே பேசவேண்டியிருந்தது.

"தனியா வந்து டேபிளைப் புடிச்சுக்கறவங்கன்னு சொன்னியேம்மா, அதுல நானும் ஒருத்தி," என்றேன். "கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல. சாயங்காலம் வந்து பாரு, தெரியும்."

அவளுக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஐயோ அக்கா, உங்களைச் சொல்லவில்லை என்று ஏதேதோ சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவிடம் சொல்லிவிடுகிறேன், சர்வரிடமும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு எப்போது வந்தாலும் அரை உண்டு, கார்டில் மட்டும் வேண்டாம் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"கார்டுல இருந்தா கேட்டு வாங்கலாம். இல்லைன்னா கெஞ்சி வாங்கணும்," என்றேன். "சர்வர் மாறுவான், நீ லீவுல போவ. ஒவ்வொரு தடவையும் நான் யாருன்னு சொல்லி, எனக்கு மட்டும் உண்டுன்னு சொல்லி, என்னால முடியாதும்மா. அதுக்கு வீட்லயே இருந்துடுவேன்."

அவள் புரூஃபைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மாமாவிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் போன பிறகு, ஒரு வாடிக்கை போச்சு, ஒரு சாப்பாட்டு இடமும் போச்சு, எல்லாம் இந்த வாயால் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு கரண்டியை வைத்துக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

இரண்டு நாள் ரொட்டியும் பாலும்தான். மூன்றாம் நாள் புரூஃப் திரும்பி வந்தது. கடைசித் தலைப்பைக் கோடு போட்டு அடிக்கவில்லை. பக்கத்தில் பேனாவால் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தாள், தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் போடச் சொல்லி. சுவர்ப் பலகையில் மட்டும் பரிமாறப்படும்.

சுவர்ப் பலகை என்றால் என்ன என்று போனில் கேட்டேன். தச்சரைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். கை கழுவும் இடத்திலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் சுவரோடு ஒட்டி ஒரு நீளப் பலகை, முன்னால் ஸ்டூல்கள். தனியாக வருகிறவர்களுக்கு. என் மேஜையை எடுத்துவிட்டுத்தான் அதைப் போடுகிறார்கள். எனக்கு வரி கிடைத்தது, மேஜை போய்விட்டது. அவளும் வேறென்ன செய்வாள், அவள் ஓட்டல் நடக்க வேண்டாமா? சரிம்மா என்றேன். அந்த வரியைச் சின்ன எழுத்தில் அடித்து, கார்டுகளை அச்சடித்து, லேமினேஷன் போட்டு, மூலை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

பலகை போட்டாயிற்று என்று தெரிந்தும் சில நாள் போகவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்றால் எங்கள் வீட்டிலும் நாலு சுவர் இருக்கிறது. பிறகு ஒரு சாயங்காலம், மகள் போன் பண்ணுகிற நேரத்துக்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று போனேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையசைத்தார். பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். நடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் குழந்தை தண்ணீரைக் கொட்டியது, அப்பா திட்டினார். திரும்பிப் பார்க்க முடியாது, காதால் கேட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கு நேரே என் கார்டையே சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். நான் வைத்த தலைப்பு, நான் வைத்த புள்ளி. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். வேலை முடிந்து யூனிஃபாரத்தோடு வந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டாள். கார்டை நிமிர்ந்து பார்த்து, காய்கறி சாதத்திலிருந்து புள்ளிக் கோட்டின் மேலேயே விரலை இழுத்துக்கொண்டு போய் விலையில் நிறுத்தினாள். பிறகு மேலே போய், சாதம் என்ற தலைப்புக்குக் கீழே அதே காய்கறி சாதத்திலிருந்து மறுபடியும் விரலை இழுத்தாள். ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

காய்கறி சாதம் அரை என்றேன். அந்த ஓட்டலில் சர்வரைத் தவிர ஒரு ஆளுக்கு நான் பதில் சொல்லி எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

"நானும் அதான்," என்றாள். "ஆளுக்கு ஒரு அரை வாங்கறதுக்கு ஒரே முழுசா வாங்கினா குறைச்சல் வருது பாருங்க. பாதி பாதி போட்டுக்கலாமா? சும்மா கேட்டேன், வேணாம்னா வேணாம்."

இரண்டு விலையையும் நானே என் கையால் பக்கத்தில் ஏற்றி, இறக்கி, நேராக்கி வைத்திருந்தேன். இரண்டு அரை ஒரு முழுவைவிட அதிகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் கணக்கைப் போட இரண்டாவது ஆள் வேண்டும், அது இல்லாததால் போட்டதில்லை. முன்பின் தெரியாதவளோடு சாப்பாட்டைப் பங்கு போட எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

சர்வர் வந்து நின்றார். புதிய ஆள். என்ன வேண்டும் என்று நர்ஸைக் கேட்டார், அவள் என்னைப் பார்த்தாள்.

"காய்கறி சாதம் முழுசு ஒண்ணு," என்றேன். "காலித் தட்டு ரெண்டு."

அதை என் வீட்டுக்காரர் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று சர்வருக்குத் தெரிய வழியில்லை. சரிங்க என்றார். இரண்டு தட்டையும் துடைத்து, பலகையில் எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.